கொட்டேஷன் வேலிடிட்டி முடிஞ்ச பிறகு பர்ச்சேஸ் ஆர்டர், அதான் பிஓ, வந்தா என்ன பண்றீங்க? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பிறை கேபிள்காரன்
நம்ம கடை பிறையில, எலெக்ட்ரிக்கல் சாமான் சப்ளை. ஒரு காண்ட்ராக்டருக்கு மார்ச் 3-ல கொட்டேஷன் கொடுத்தோம். ஆர்மர்ட் கேபிள் 500 மீட்டர், மீட்டர் 62 ரிங்கிட். கூடவே கேபிள் ட்ரேயும் கொஞ்சம் லைட்டும். செம்பு விலை நிக்காது, அதனால வேலிடிட்டி 14 நாள்தான். ஏப்ரல் 2-ல பிஓ வருது: பழைய கொட்டேஷன் நம்பர், பழைய விலை, அடியில "விலை மாறாது"ன்னு அவங்க ஷரத்து வேற. அதுக்குள்ள கேபிள் 67.50 ஆயிருச்சு. 2,750 ரிங்கிட் இடிக்குது. சைட்ல ஆள் காத்திருக்காங்கன்னு போன் மேல போன்.

பட்டர்வொர்த் மச்சான்
இதுல யோசிக்க என்ன இருக்கு? தேதி முடிஞ்சா அந்த விலையும் முடிஞ்சது. சாமானை அனுப்பு, இன்வாய்ஸ்ல புது விலையைப் போடு. பேசினா கொட்டேஷனைக் காட்டு.

செகாம்புட் அண்ணன்
மச்சான், முதல் பாதி சரி. காண்ட்ராக்ட்ஸ் ஆக்ட் 1950, செக்ஷன் 6-லயே இருக்கு: சொன்ன கெடு தாண்டினா கொடுத்த ஆஃபர் செத்துப்போகும். ரெண்டாவது பாதியிலதான் மாட்டிக்குவீங்க. லேட்டா வர்ற அந்த பிஓ இப்போ அவங்க உங்களுக்குக் கொடுக்கிற ஆஃபர், 62 ரிங்கிட்ல. ஒண்ணும் சொல்லாம லாரியில சாமானை ஏத்திட்டா, அவங்க விலைக்கு நீங்க ஒத்துக்கிட்டதாத்தான் வாதம் வரும். செக்ஷன் 8 அதைத்தான் சொல்லுது. டெபாசிட் வாங்கிப் போட்டுக்கிட்டாலும் அதே கதைதான்.

கோர்ட்டு வரைக்கும் எவனும் போக மாட்டான், அது வேற. ஆனா அவங்க அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற பொண்ணு பிஓ, டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கும். 62-ம் 67.50-ம் ஒத்து வரலன்னா இன்வாய்ஸ் அப்படியே ட்ரேயில கிடக்கும். நீங்க ரெண்டு மாசம் கழிச்சுக் காசு கேட்கும்போதுதான் விஷயமே தெரியும்.

சுங்கை பட்டாணி அக்கா
எங்க வீட்டு கிச்சன் கேபினெட்டுக்கும் இதேதான்! கொட்டேஷன் வாங்கி வெச்சிருந்தோம், தீபாவளி முடிஞ்சு கூப்பிட்டா விலை ஏறிடுச்சுங்கிறான். அது நியாயமா தம்பி?

பிறை கேபிள்காரன்
அக்கா, அதுல எவ்வளவு நாள் செல்லும்னு போட்டிருந்தாங்களான்னு பாருங்க. போடலன்னா "நியாயமான காலம்"னு ஒரு கணக்கு வரும், அதுல இழுபறிதான்.

நாங்க பண்ணினது இதுதான். பிஓ வந்த அன்னைக்கே ஈமெயில்: "பிஓ கிடைச்சது, இன்னும் ஏத்துக்கல, விலை மாறியிருக்கு." ஆர்டர் கன்ஃபர்மேஷன் அனுப்பல. அப்புறம் ஸ்டோர்ல எண்ணிப் பார்த்தா பழைய விலைக்கு வாங்கின கேபிள் 200 மீட்டர் இருந்துச்சு. பாஸ் அதை 62-க்கே கொடுக்கச் சொன்னார். மீதி 300 மீட்டருக்கு மட்டும் 67.50. மொத்தம் 32,650, அவங்களுக்கு ஏறினது 1,650தான். ட்ரே, லைட் விலையில கை வைக்கல. இதை ரிவிஷன் 1-னு அதே நம்பர்ல, 3 நாள் வேலிடிட்டியோட அனுப்பினோம். பர்ச்சேஸிங் மேடம் முதல்ல கத்தினாங்க. ரெண்டு வரியாப் பிரிச்சுக் காட்டினதும் திருத்தின பிஓ கொடுத்துட்டாங்க. அது கையில வந்த பிறகுதான் லாரி கிளம்புச்சு.

பூச்சோங் அட்மின்
சிஸ்டத்தையும் பாருங்க. எங்க சாஃப்ட்வேர்ல கொட்டேஷனை சேல்ஸ் ஆர்டரா மாத்தினா பழைய விலைதான் ஒட்டிக்கிட்டு வரும், தேதி முடிஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லாது. அதனால பழசை குளோஸ் பண்ணிட்டு ரிவிஷன்ல இருந்துதான் மாத்துவேன். வரியையும் பார்க்கணும். 2024 மார்ச் 1-ல சர்வீஸ் டாக்ஸ் பல சேவைக்கு 6-ல இருந்து 8 ஆனப்போ, பழைய கொட்டேஷனை அப்படியே மாத்தினவங்களுக்கு 6-ஏ வந்து நின்னுச்சு.

பட்டர்வொர்த் மச்சான்
சரி அண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா பிஓ மேல மார்ச் 16-னு தேதி போட்டு, ஏப்ரல் 2-ல ஈமெயில் பண்ணினா? தேதி கெடுவுக்குள்ள இருக்கே.

செகாம்புட் அண்ணன்
தாள்ல என்ன தேதி வேணும்னாலும் போடலாம். அனுப்பின தேதிதான் கணக்குன்னு நான் சொல்வேன். இனிமே "கெடுவுக்குள்ள பிஓ எங்க கைக்கு வரணும்"னு கொட்டேஷன்லயே எழுதிடுங்க.

பூச்சோங் அட்மின்
எங்க கஸ்டமர் ஒருத்தர் வாட்சாப்ல "ஓகே, ப்ரொசீட்"னு கெடுவுக்குள்ள போட்டுட்டு, பிஓவை ரெண்டு வாரம் கழிச்சு அனுப்பினார். பழைய விலைக்கே கொடுத்தோம். பாஸுக்கு இன்னும் ஆறல. வாட்சாப்பையே ஆர்டரா எடுத்துக்கிறவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா?