ஒடுங்கின உயரமான முகப்பு: எந்த விகிதத்தில் வெட்டுவது?

தீபன்: கஸ்தூரியார் வீதியில் அப்பப்பா கட்டின மூன்று தட்டு வீடு. முன்பக்கம் 15 அடி, உயரம் 36 அடி, ரேப் பிடித்து அளந்தது. திருத்த வேலை தொடங்க முதல் முகப்பை நேராக ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டு வைக்க ஆசை. போனை நெடுக்காகப் பிடித்துத்தான் எடுத்தேன். 4:5க்கு வெட்டினால் உச்சி போகிறது, இழுத்துப் பொருத்தினால் வீடு குண்டாகிறது. எந்த விகிதம் சரி?

பிரபா ஸ்டூடியோ: தம்பி, 2:3ஐ விட்டு அசையாதே. கமரா தருகிற சட்டகம் அதுதான், 12×18 அங்குலத்தில் அப்படியே பிரிண்ட் போடலாம், ஒன்றும் வெட்டத் தேவையில்லை. அப்புறம் வைட் லென்ஸ் போடாதே, அதுதான் கட்டடத்தை இழுத்துவிடும். 50 மிமீ போட்டுப் பின்னால் போய் எடு.

செல்வி: பின்னால் எங்கே போவது பிரபா அண்ணை? அந்த வீதியில் நாலு எட்டு வைத்தால் எதிர்க்கடைப் படி. 2:3ம் இதற்குப் பொருந்தாது. 36ஐ 15ஆல் பிரித்தால் 2.4, அதாவது வீடு 1:2.4. சட்டகம் 1:1.5. உச்சிக்கும் வாசலுக்கும் கொஞ்சம் இடம் விட்டுப் படம் எடுத்தால் அகலத்தில் பாதிதான் இந்த வீடு, மிச்சப் பாதி பக்கத்துக் கடைகளின் பெயர்ப்பலகை. சட்டம் போடுகிற படத்துக்கு 1:2 எடுக்கச் சொல்வேன். அதில் மேலே ஆகாயம், கீழே கொஞ்ச வீதி, இரண்டு பக்கமும் ஒரு கை அகலத்துக்குப் பக்கத்துச் சுவர் எல்லாம் வரும், முகப்பு மூச்சு விடும். 1:2.4க்கே இறுக்கி வெட்டினால் சுவரும் சட்டமும் ஒட்டிப்போகும்.

வைட் லென்ஸ் இழுக்கும் என்பது பாதி சரி. கமரா சுவருக்கு நேராக, மேலே கீழே சாயாமல் நின்றால் தட்டையான சுவரின் அகல உயர விகிதம் எந்த லென்ஸிலும் மாறாது. மாறுவது சுவரை விட்டு வெளியே நீட்டுகிற பல்கனி, சன்ஷேட், ஓரத்தில் நிற்கிற ஆள். இவனுடைய வீட்டைக் கெடுத்தது லென்ஸ் இல்லை, போனை அண்ணாந்து பிடித்தது.

யோகன்: 9:16 வையுங்கோ. வட்சப் ஸ்டேட்டஸுக்கு முழுத் திரையும் நிறையும்.

தீபன்: யோகன் அண்ணா, இது சுவரில் மாட்ட. செல்வி அக்கா, அண்ணாந்துதான் பிடித்தேன், உண்மை. ஆனால் பிறகு லைட்ரூமில் Vertical இழுத்து இரண்டு பக்கச் சுவரையும் நேராக்கிவிட்டேன். அதற்குப் பிறகும் வீடு கட்டையாகத் தெரிகிறது.

செல்வி: சுவர் நேரானால் விகிதம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அண்ணாந்து எடுக்கும்போது உச்சி ஒடுங்குகிறது, உயரமும் சுருங்குகிறது. திருத்தும்போது ஒடுங்கின உச்சி விரிந்துவிடும், ஆனால் சுருங்கின உயரம் முழுதாகத் திரும்பி வராமல் போகலாம். திருத்தின படத்தில் முகப்பு எத்தனை பிக்சல் அகலம், எத்தனை உயரம் என்று பார்த்துச் சொல்லு.

தீபன்: கிட்டத்தட்ட 1500 அகலம், 3150 உயரம்.

செல்வி: 2.1. இருக்க வேண்டியது 2.4. கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இதில் ஒரு நல்ல விஷயம், பக்கக் கோடுகளும் தட்டுக் கோடுகளும் நேராகிவிட்ட பிறகு மிச்சப் பிழை முகப்பு முழுக்க ஒரே அளவுதான், கீழ்த்தட்டுக்கு ஒன்று மேல்தட்டுக்கு ஒன்று என்று இருக்காது. அதனால் Aspect என்ற ஒரு இழுவையே போதும். உயரத்தைக் கூட்டாதே, இல்லாத பிக்சலை உண்டாக்கிப் படம் மங்கும். அகலத்தை 1500இலிருந்து 1312க்குக் குறை. முதலில் விகிதத்தைச் சரிசெய், அதற்குப் பிறகுதான் வெட்டு. வெட்டும்போது பூட்டுக் குறி போட்ட விகிதத்தில் வெட்டு, மூலையைப் பிடித்து இழுக்காதே.

சரியா என்று பார்க்க முகப்பில் வட்டமான ஏதாவது இருந்தால் அதை அளந்து பார். அகலமும் உயரமும் ஒன்றாக வந்தால் வேலை முடிந்தது.

மதி: எங்கள் கடைக் கலண்டருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் 1:2 படம் கொடுத்தேன், அச்சடித்த இடத்தில் கேட்காமலே 8×12க்கு நிரப்பிவிட்டார்கள், கடை மூன்றில் ஒரு பங்கு அகலித்துப்போய்த் தொங்குகிறது. தீபன், நீ 1:2 படத்தைத் தனியாகக் கொடுக்காதே. 8×12 அளவில் வெள்ளைத் தாள் ஒன்று திறந்து, நடுவில் 5.5×11 ஆகப் படத்தை வைத்து, வெள்ளை ஓரத்தோடு சேர்த்துக் கொடு. அப்போது அவர்கள் இழுக்க எதுவும் இல்லை.

பிரபா ஸ்டூடியோ: மதி சொல்வது நல்ல யோசனை, எங்களிடமும் ஆட்கள் இப்படித்தான் கொண்டுவர வேண்டும். ஆனால் செல்வி, நீங்கள் சொல்கிற மாதிரி சாயாமல் பிடித்தால் படத்தில் பாதி வெறும் தார் ரோட்டுத்தானே? அதை வெட்டி எறிந்தால் என்ன மிஞ்சும்?

செல்வி: கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிர்ச்சுவர் ஓரம் 30 அடி தூரம் என்று வை, முழுச்சட்டகக் கமரா, 16 மிமீ, 4000×6000, நெடுக்காகப் பிடித்து கண் உயரத்தில், அதாவது 5 அடியில், மட்டமாக. கமராவுக்கு மேலே 33 அடி சொச்சம் தெரியும், 36 அடி உச்சியும் அதற்கு மேலே இரண்டரை அடி ஆகாயமும் அடங்கும். முகப்பு சுமார் 1330×3200. ரோட்டை வெட்டி 1900×3800 எடுத்தால் 6×12 அங்குலத்துக்கு 300 டிபிஐயில் தாராளம். ஆக ரோடு போனால் போகட்டும்.

இன்னும் நல்ல வழி இருக்கிறது. எதிர்க் கட்டட மாடியில் 18 அடி உயரத்தில் ஒரு ஜன்னல் கிடைத்தால், அதே 30 அடியில் 24 மிமீ போதும். வீடு மேலும் கீழும் சமமாக அடங்கும், உயரத்தில் ஒரு துண்டும் வீணாகாது, முகப்பு 2000×4800 வரும்.

தீபன்: மேல்தட்டில் பல்கனி 3 அடி வெளியே நீட்டுகிறது, அதற்குப் பின்னால் அப்பப்பா வைத்த கதவு. ரோட்டில் நின்றால் கதவின் கால் தெரியவில்லை.

செல்வி: தெரியாது. பல்கனி 24 அடியில் என்றால், கீழே நின்று எடுக்கும்போது அதன் விளிம்பு சுவரில் சுமார் 2 அடி மேலே போய் விழுகிறது, அவ்வளவையும் மறைக்கும். மாடி ஜன்னலிலிருந்து எடுத்தால் 8 அங்குலம்தான். எந்தத் திருத்தமும் மறைந்ததைக் கொண்டுவராது. அந்தக் கதவுக்காகவாவது எதிர்க்கடை ஐயாவிடம் கேட்டு மாடிக்கு ஏறு.

பிரபா ஸ்டூடியோ: மாடியிலிருந்து எடுக்கிறதை ஒத்துக்கொள்கிறேன். 1:2ஐ இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கக் கடையும் தெரிந்தால்தான் இந்த வீடு எவ்வளவு ஒடுக்கம் என்று பார்க்கிறவனுக்குப் புரியும். தனியாக வெட்டினால் அது எந்த ஊர் வீடாகவும் இருக்கலாம்.

செல்வி: நியாயம்தான், வீதியின் கதை சொல்லும் படம் என்றால் 2:3. ஆனால் அவன் கேட்டது முகப்பு. பெயர்ப்பலகைதான் முதலில் கண்ணில் அடிக்கும்.

தீபன்: ஐயாவிடம் கேட்டாயிற்று, காலையில் கடை திறக்க முதல் வரச் சொன்னார். மேற்குப் பார்த்த முகப்பு, காலையில் நிழல்தான், பரவாயில்லையா?

செல்வி: நிழல் நல்லது, பல்கனியின் கறுப்பு நிழல் கதவில் விழாது. ஆகாயம் வெளுத்துப்போகும், அதற்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து RAW கோப்பாக எடு.