மாத்திரை வழியில் தங்கிப் புண்ணானால் அதற்கு என்ன பெயர்?

செல்வி, பிறை

எங்கள் பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்காக நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுத்தாளைத் தமிழில் எழுதுகிறேன். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். என் அக்கா மகன் கதையைச் சொன்னால் புரியும்.

வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவப் போனவனுக்கு, எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின் இரண்டு கேப்சூல் கொடுத்தார்கள். இரவு பதினொன்றரைக்கு இரண்டையும் சேர்த்து ஒரே மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்தான். மூன்று மணிக்கு வலி எழுப்பிவிட்டது. காலையில் கோப்பி ஒரு வாய் உள்ளே போனதும் குவளையைக் கீழே வைத்தான். எச்சில் விழுங்கினாலும் வலி. எங்கே என்று கேட்டால் மார்பெலும்பின் நடுவில் விரலை வைக்கிறான், தொண்டையில் இல்லை. பழைய துண்டுத்தாளிலோ 'தொண்டைவலி' என்று இருக்கிறது. 'மாத்திரைப்புண்' என்று மாற்றட்டுமா?

முத்து, செந்தூல்

மாத்திரைப்புண் நல்ல சொல். வலி மாத்திரை தின்றால் அல்சர் வரும் என்று எல்லாருக்கும் தெரியுமே. சாப்பிட்டுவிட்டுப் போடு என்று எழுதினால் போதும்.

கலா, ஆயர் ஈத்தாம்

முத்து அண்ணே, நீங்கள் இப்படி எடுத்துக்கொண்டதே அந்தச் சொல்லின் குறை. நீங்கள் சொல்வது வயிற்றுப்புண். இது வயிற்றுக்குப் போகும் முன்பே வருவது. மருந்தகத்தில் இருபது வருடம் நின்றவள் நான், இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் நிறைய.

கேப்சூலின் மேலுறை ஈரம் பட்டதும் பசை மாதிரி ஆகிவிடும். தண்ணீர் போதாவிட்டால் உணவுக்குழலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதயத்திலிருந்து வரும் பெரிய தமனி வளைந்து குழலை அழுத்தும் இடம் ஒன்று உண்டு, பெரும்பாலும் அங்கேதான். படுத்துவிட்டால் கீழே இழுக்க எதுவும் இல்லை, தூக்கத்தில் எச்சில் விழுங்குவதும் குறைவு. டாக்சிசைக்ளின் கரைந்தால் அமிலம். அது ஒரே இடத்தில் நின்று சுடுகிறது. அதனால் 'மாத்திரைச் சுடுபுண்' என்பேன்.

சாப்பாட்டைப் பற்றி: டாக்சிசைக்ளினுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போடுவது சரிதான். எல்லா மாத்திரைக்கும் அது பொருந்தாது.

இளங்கோ, ஜார்ஜ்டவுன்

சுடுபுண் என்றால் சுடுதண்ணீர் குடித்தது என்று நினைப்பார்கள். 'ஒட்டுபுண்' எழுதினால் தொற்றுநோய் ஆகிவிடும். 'தங்குபுண்' ஆறாத புண் போலக் கேட்கிறது. மாத்திரை போகிற வழியில் தங்கியதால் வந்தது என்பதால் 'வழித்தங்கல் புண்' எப்படி? (இலக்கணத்தில் மாத்திரை என்றால் கண்ணிமைக்கும் நேரம். இந்த மாத்திரை மணிக்கணக்காக நின்றிருக்கிறது.)

விழுங்கும்போது வலித்தால் விழுங்குவலி. வலியில்லாமல் இறங்க மறுத்தால் அது விழுங்குதடை. இரண்டையும் பிரித்தே எழுதுங்கள்.

பார்வதி, பட்டர்வொர்த்

எனக்குச் சொல் தெரியாது. அம்மாவுக்கு எலும்புக்காக வாரம் ஒரு மாத்திரை, அலெண்ட்ரோனேட். விடிகாலை மைலோவோடு போட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். இப்போது நெஞ்சில் மாத்திரை நிற்கிறது என்கிறார். சோற்று உருண்டை கொடுத்துப் பார்த்தோம், போகவில்லை.

கலா

பார்வதி, உருண்டை வேண்டாம். பல நேரம் மாத்திரை எப்போதோ கரைந்துபோயிருக்கும், அது விட்ட புண்தான் மாத்திரை நிற்பது போலத் தெரியும். அடுத்த வார மாத்திரையை நிறுத்திவைத்துவிட்டு, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றே கேளுங்கள். தண்ணீரே இறங்காவிட்டால், வாந்தியில் ரத்தம் வந்தால், மலம் கறுத்தால், காய்ச்சல் வந்தால் நேராக ஆஸ்பத்திரி. அம்மாவின் வயதில் நெஞ்சுவலி மாத்திரையால்தான் என்று நாமாக முடிவுசெய்யவும் கூடாது. மூச்சுவாங்கினாலோ, வியர்த்துக் கைக்கு வலி பரவினாலோ அதை இதயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் தொடரச் சொன்னால், அந்த மாத்திரைக்கு மைலோ ஆகாது. வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீர், ஏறத்தாழ 200 மில்லி. பிறகு குறைந்தது 30 நிமிடம் உட்காரவோ நிற்கவோ வேண்டும், ஒன்றும் சாப்பிடாமல். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அந்த மாத்திரையே சரிவராது.

செல்வி

பையனுக்கு டாக்டர் மருந்தை நிறுத்தி, அமிலம் குறைக்க வேறு கொடுத்தார். ஒரு வாரம் ஆறிய கஞ்சி. எட்டாம் நாள் சம்பல் கேட்டான்.

துண்டுத்தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: "முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாத்திரை. அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர். அரை மணி நேரம் படுக்காதீர்கள். நடுநெஞ்சில் விழுங்குவலி வந்தால் அது வழித்தங்கல் புண்ணாக இருக்கலாம்."

முத்து

வழித்தங்கல் என்றால் எங்கள் பக்கத்தில் சத்திரத்தில் படுப்பது. நான் மாத்திரைப்புண்ணோடுதான் நிற்கிறேன். முன்னால் 'உணவுக்குழல்' சேர்த்துவிட்டால் போயிற்று.

கலா

அதை மாத்திரை உறையில் எழுத இடம் எங்கே, அண்ணே?