"யெஸ், ஐ ஹேவன்ட்" ஏன் தப்பு? உரையாடலை நிரப்பும் கேள்வியில் உதவி வேணும்

ஏற்காடு அடிவாரம் கேட்டது:

வணக்கங்க. ஏற்காட்டுல ஒரு தங்கும் விடுதியில ரிசப்ஷன் வேலைக்கு அடுத்த வாரம் எழுத்துத் தேர்வு. ரெண்டு பேர் பேசுற மாதிரி கொடுத்து, நடுவுல ஒரு வரியை விட்டிருப்பாங்க. பொருத்தமான பதிலைத் தேர்ந்தெடுக்கணும். மாதிரித் தாள்ல 20-க்கு 7 தப்பு. அதுல அஞ்சு, யெஸ்ஸா நோவாங்கிற குழப்பம்தான். ரெண்டை மட்டும் போடுறேன். போன்ல தமிழ் கீபோர்டு மட்டும் இருக்கறதால இங்கிலீஷையும் தமிழ்லயே அடிச்சிருக்கேன், பொறுத்துக்குங்க.

முதல் கேள்வி.
ரிசப்ஷன்: யூ ஹேவன்ட் ஹேட் பிரேக்ஃபாஸ்ட் எட், ஹேவ் யூ?
விருந்தினர்: ______ ஐம் கோயிங் டவுன் நவ்.
அ) யெஸ், ஐ ஹேவன்ட்
ஆ) நோ, ஐ ஹேவன்ட்
இ) யெஸ், ஐ ஹேவ்
ஈ) நோ, ஐ ஹேவ்

நான் அ போட்டேன். "இன்னும் சாப்பிடலையே?"ன்னு கேட்டா "ஆமா, சாப்பிடல"ன்னுதானே சொல்லுவோம்? விடைத்தாள்ல ஆ.

ரெண்டாவது, பஸ்ல.
ஒருவர்: வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட் த விண்டோ?
மற்றவர்: ______ இட்ஸ் ஸ்டஃபி இன் ஹியர்.
அ) யெஸ், ஆஃப் கோர்ஸ்
ஆ) நாட் அட் ஆல்
இ) யெஸ், ஐ வுட்
ஈ) நோ, யூ கான்ட்

இதுலயும் அ போட்டேன், விடை ஆ. திறக்கச் சம்மதம்னா யெஸ்தானே வரணும்? அதோட, இனிமேதான் திறக்கப்போறார், அப்புறம் எதுக்கு "ஓப்பன்ட்"?

ஓமலூர்க்காரன்:

ரொம்ப சுலபம் தம்பி. யெஸ் வந்தா பின்னாடி நாட் வரக்கூடாது, நோ வந்தா நாட் இருந்தே ஆகணும். முதல் கேள்வியில அ, ஈ ரெண்டையும் கண்ணை மூடிட்டு அடிச்சிடு. மிச்சம் ரெண்டுல, கேள்வியில இருக்கற நாட்டைத் தூக்கிட்டுப் படி: "ஹேவ் யூ ஹேட் பிரேக்ஃபாஸ்ட்?" சாப்பிடலைன்னா நோ, ஐ ஹேவன்ட். எல்லாக் கேள்விக்கும் இதே வழிதான்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்கடை:

பரீட்சை இல்ல, வியாபாரத்துலயே இது இடிக்குதுங்க. வெளிநாட்டுல இருந்து கொலுசு கேட்கற ஒருத்தர் "யூ ஹேவன்ட் சென்ட் த பார்சல்?"னு செய்தி போட்டார். "யெஸ் சார்"னு போட்டேன். ஆமா, அனுப்பலைங்கிற அர்த்தத்துல. அவர் அனுப்பிட்டேன்னு நினைச்சு டிராக்கிங் நம்பர் கேட்கறார். அதே பதிலை ராஜஸ்தான் பார்ட்டிக்குப் போட்டா சரியாப் புரிஞ்சுக்கறாங்க. இது ஏன்?

அஸ்தம்பட்டி டீச்சர்:

கொலுசுக்கடை அண்ணா கேட்டதுலயே முதல் கேள்விக்குப் பதில் இருக்கு. தமிழ்ல நாம பதில் சொல்றது எதிராளி சொன்ன பேச்சுக்கு. "சாப்பிடலையே?"ன்னா, அவர் நினைச்சது சரி, அதனால "ஆமா". இந்தியும் அப்படித்தான், "ஹாங், நஹீன் பேஜா"ன்னு சொல்லுவாங்க. அதனால ராஜஸ்தான்காரருக்குக் குழப்பமே வரல. இங்கிலீஷ்ல பதில் சொல்றது நடந்த விஷயத்துக்கு. சாப்பாடு ஆச்சா? ஆகலைன்னா நோ. எதிராளி எப்படி வளைச்சுக் கேட்டாலும் அந்த நோ மாறாது.

மத்த சில மொழிகள்ல இதுக்குன்னே தனிச் சொல் இருக்கு. "சாப்பிடலையா?"ன்னு கேட்டவரை மறுத்து "இல்லையே, சாப்பிட்டேனே"ன்னு சொல்ல ஜெர்மன்ல "டோக்", பிரெஞ்சுல "சி". பழைய இங்கிலீஷ்லயும் "யே", "யெஸ்"னு ரெண்டு இருந்து, "யெஸ்" இந்த மறுப்பு வேலையைத்தான் பார்த்துட்டிருந்தது. அப்புறம் ஒண்ணு வழக்கொழிஞ்சு, மிஞ்சின யெஸ்ஸே எல்லாத்தையும் சுமக்குது.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். இதையும் முதல் கேள்வியையும் ஒரே தப்புன்னு நினைக்காதீங்க. காரணம் வேற. இங்க கேள்வியில நாட்டே கிடையாது. நீங்க மனசுக்குள்ள "ஜன்னலைத் திறக்கலாமா?"ன்னு மாத்திக்கிட்டீங்க, அதான் யெஸ் வந்துடுச்சு. "மைண்ட்"னா அங்க தொந்தரவாப் படறது. "ஜன்னலைத் திறந்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?"ன்னு மாத்திப் பாருங்க. "இல்லீங்க, திறங்க"ன்னு தமிழே சரியான பதிலைக் கொடுத்துடும். முதல் கேள்வியில தமிழ் நம்மை வழி தப்ப வைக்குது, ரெண்டாவதுல அதே தமிழ் கை கொடுக்குது. வினைச்சொல்லைச் சரியா மொழிபெயர்த்தாப் போதும்.

"ஓப்பன்ட்" இறந்தகாலம் இல்ல. "வுட் யூ மைண்ட் இஃப்"னு தொடங்கினா பணிவுக்காக வினை அப்படிப் பின்னாடி போகும், "திறந்தா"ங்கிற மாதிரி. "டூ யூ மைண்ட் இஃப்"னு தொடங்கினா சாதாரணமா "ஐ ஓப்பன்".

விடுபட்ட இடத்துக்கு அடுத்த வரியை முதல்ல படிங்க. கேள்வி எழுதினவர் விடையை அங்கதான் பூட்டி வெச்சிருப்பார். "இட்ஸ் ஸ்டஃபி", புழுக்கமா இருக்குன்னா அவருக்கும் காத்து வேணும், அதனால நாட் அட் ஆல். அதே வரி "ஐ ஹேவ் எ பேட் கோல்ட்"னு இருந்தா, ஏற்காட்டுப் பனியில ஜன்னலைத் திறக்க ஒத்துக்க மாட்டார். அப்ப விடை "ஐட் ராதர் யூ டிடன்ட்" மாதிரி ஒண்ணா இருக்கும். இ-யில இருக்கற "யெஸ், ஐ வுட்" அந்த இடத்துலயும் இலக்கணப்படி சரிதான். ஆனா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும், யாரும் அப்படிப் பேசறதில்ல. இந்த வகைக் கேள்வியில இலக்கணம் பாதி, மரியாதை பாதி.

ஏற்காடு அடிவாரம்:

புரிஞ்சுதுங்க. ஓமலூர் அண்ணன் சொன்ன விதியை வெச்சு இன்னொன்னு போட்டுப் பார்த்தேன், அதுவும் தப்பு.

ஒருவர்: இஸ்ன்ட் இட் கோல்ட் அப் ஹியர்!
மற்றவர்: ______ ஐ ஷுட் ஹேவ் பிராட் எ ஸ்வெட்டர்.
அ) நோ, இட் இஸ்ன்ட்
ஆ) யெஸ், இஸ்ன்ட் இட்?
இ) யெஸ், இட் இஸ்ன்ட்
ஈ) நோ, இட் இஸ்

யெஸ்ஸோட நாட் வரக்கூடாதுன்னு ஆ, இ ரெண்டையும் அடிச்சேன். ஈ-யும் அதே விதியில போச்சு. மிஞ்சினது அ. விடைத்தாள்ல ஆ.

ஓமலூர்க்காரன்:

அச்சுப் பிழையா இருக்கும் தம்பி. விதி விதிதான்.

அஸ்தம்பட்டி டீச்சர்:

அச்சுப் பிழை இல்லீங்க. "இஸ்ன்ட் இட் கோல்ட்!"னு சொல்றவர் குளிருதா இல்லையான்னு தெரியாமக் கேட்கல. "என்னா குளிருடா சாமி!"ன்னு சொல்றார். அதுக்கு "ஆமா, பாருங்களேன்"ங்கிற மாதிரி ஒத்துப் பாடறதுதான் "யெஸ், இஸ்ன்ட் இட்?". யெஸ்தான் பதில். இஸ்ன்ட் இட் திருப்பிப் போட்ட கேள்வி, அதோட எழுவாயும் வினையும் இடம் மாறியிருக்கு பாருங்க. ஸ்வெட்டர் எடுத்து வந்திருக்கணும்னு அடுத்த வரி சொல்லுது, அப்ப அவருக்கும் குளிருது. "நோ, இட் இஸ்ன்ட்"னு தொடங்கினா அந்த வரி நிக்காது.

ஓமலூர் அண்ணன் விதியைத் தூக்கிப் போட வேண்டாம், எல்லையை மட்டும் தெரிஞ்சுக்குங்க. யெஸ் அல்லது நோவுக்குப் பின்னாடியே எழுவாயும் துணைவினையும் அந்த வரிசையில வந்தா, அதாவது ஐ ஹேவ், ஐ ஹேவன்ட், இட் இஸ் மாதிரி வந்தா, விதி சரி. "நோ, கோ அஹெட்", "நோ, ஐம் ஃபைன்" இதுக்கெல்லாம் பொருந்தாது.

நாட்டைத் தூக்கிட்டுப் படிக்கற வழியும் தகவல் கேட்கற கேள்விக்கு மட்டும்தான். "வோன்ட் யூ சிட் டவுன்?"னு கேட்டா அது உபசாரம், "உட்காருங்களேன்". நாட்டைத் தூக்கி "யெஸ், ஐ வில்"னு போட்டா இலக்கணம் தப்பில்ல, பதில்தான் இயல்பா இல்ல. "தேங்க் யூ"தான் இயல்பு. "வொய் டோன்ட் வீ டேக் த ஃபர்ஸ்ட் பஸ்?"ங்கறதும் காரணம் கேட்கற கேள்வி இல்ல, முதல் பஸ்ல போலாமாங்கிற யோசனை. "பிகாஸ்"னு தொடங்கற விடையைத் தூண்டில் மாதிரி வெச்சிருப்பாங்க. "குட் ஐடியா"ன்னு ஒண்ணு இருக்கான்னு தேடுங்க.

கொலுசுக்கடை:

சரிங்க டீச்சர், பரீட்சைக்கு அடுத்த வரி இருக்கும். எனக்குச் செய்தியில நாலு விடையும் கிடையாது, அடுத்த வரியும் கிடையாது. நான் என்ன போடட்டும்?

அஸ்தம்பட்டி டீச்சர்:

யெஸ், நோ ரெண்டையும் விட்டுடுங்க அண்ணா. "நாட் எட். ஐ வில் சென்ட் இட் டுமாரோ"ன்னு நடந்ததை மட்டும் சொல்லுங்க. வெறும் "யெஸ் சார்" வேண்டவே வேண்டாம். அடிவாரம் தம்பிக்கும் வேலையில சேர்ந்த பிறகு இதுதான். "டோன்ட் யூ ஹேவ் எ ரூம்?"னு விருந்தினர் கேட்டா, "வீ ஆர் ஃபுல் டுநைட், சார்". தலையை ஆட்டிட்டு "யெஸ்"னு சொன்னா அவர் பெட்டியை இறக்கிடுவார்.

அஞ்சு ரோடு:

டீச்சர், ஒரு இடத்துல ஒத்துக்க முடியல. வுட் யூ மைண்டுக்கு "ஷ்யூர், கோ அஹெட்"னு இங்கிலீஷ்காரங்களே சொல்றாங்களே. படத்துலயும் பேட்டியிலயும் எத்தனை தடவை கேட்டிருக்கேன். அப்ப "யெஸ், ஆஃப் கோர்ஸ்" மட்டும் ஏன் தப்பு? தம்பி போட்ட அ-வுக்கு மார்க் கொடுத்திருக்கணும்.

அஸ்தம்பட்டி டீச்சர்:

நிஜப் பேச்சுல ஷ்யூர் வருது, மறுக்கல. அது கேள்வியோட சொற்களை விட்டுட்டு, உள்ளே இருக்கற வேண்டுகோளுக்குச் சொல்ற பதில். குரலும் கையசைப்பும் கூட இருக்கறதால புரிஞ்சுடும். தாள்ல அதெல்லாம் இல்ல. "யெஸ், ஆஃப் கோர்ஸ்"னு எழுத்துல மட்டும் படிச்சா "ஆமா, தொந்தரவுதான்"னும் அர்த்தம் வரும். பக்கத்துலயே ரெண்டு அர்த்தத்துக்கு இடமில்லாத நாட் அட் ஆல் இருக்கறப்ப அதைத்தான் எடுக்கணும்.

அஞ்சு ரோடு:

நாட் அட் ஆல் இல்லாம, "ஷ்யூர், கோ அஹெட்"டும் "நோ, கோ அஹெட்"டும் மட்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா? என்கிட்ட இருக்கற ஒரு மாதிரித் தாள்ல அப்படித்தான் இருக்கு, விடை ஷ்யூர்னு போட்டிருக்கு.

ஓமலூர்க்காரன்:

நோதான். விதிப்படி.

அஸ்தம்பட்டி டீச்சர்:

இந்தத் தடவை நானும் ஓமலூர் அண்ணன் பக்கம், ஆனா விதிப்படி இல்ல, அவர் விதி இங்க செல்லாது. அந்த ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தவர் கேள்வியைச் சரியா அமைக்கலைன்னுதான் சொல்லுவேன். அடுத்த வரி என்னன்னு போடுங்க, பார்க்கலாம்.

அஞ்சு ரோடு:

அடுத்த வரியே இல்லீங்க. அதோட முடியுது.