அதிகாலை நாலரைக்கு பாரிஸ் போக வேண்டிய வாழ்த்து: ஷெட்யூலர் செயலியை நம்பலாமா?

முத்தியால்பேட்டை அத்தை
பாரிசில் இருக்கும் என் தம்பி மகளுக்கு அக்டோபர் 27 பிறந்தநாள். அங்கே இரவு பன்னிரண்டு அடிக்கும்போது என் வாட்ஸ்அப் வாழ்த்து முதலில் போய்ச் சேர வேண்டும். போன வருடம் ஒரு ஷெட்யூலர் செயலியில் 3:30க்கு வைத்துவிட்டுத் தூங்கினேன். காலை 6:10க்கு எழுந்து போனைத் திறந்த பிறகுதான் போனது. எது தவறு, இந்த வருடம் எப்படி வைப்பது?

மஞ்சக்குப்பம் ஜவுளிக்கடை
அக்கா, எதற்குத் தனிச் செயலி? வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள். அதிலேயே நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது, நான் கடைக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் யார் கேட்டாலும் "கடை காலை பத்துக்குத் திறக்கும்" என்று தானாகப் போய்விடும்.

செல்போன் பழுது, நெல்லித்தோப்பு
அண்ணா, நேரம் குறிக்கும் வசதி இருப்பது உண்மைதான், ஆனால் அது பதில் அனுப்ப மட்டும். எதிரில் இருப்பவர் முதலில் ஒரு மெசேஜ் போட்டால்தான் அது கிளம்பும். அந்தப் பெண் நாலரைக்கு அத்தைக்கு "ஹாய்" சொன்னால் ஒழிய எதுவும் போகாது. வாழ்த்துக்கு அது உதவாது.

அக்கா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு இதே புகாரோடு நிறையப் பேர் வருகிறார்கள். வாட்ஸ்அப் மெசேஜ் உங்கள் போனுக்குள்ளேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகிறது, அதனால் இந்தச் செயலிகளால் அதை எங்கோ ஒரு சர்வரில் வைத்துக்கொண்டு நேரம் வந்ததும் அனுப்ப முடியாது. அவை செய்வது வேறு வேலை. குறித்த நேரத்தில் உங்கள் போனை எழுப்பி, வாட்ஸ்அப்பைத் திறந்து, உங்கள் விரலுக்குப் பதிலாக அனுப்பும் பொத்தானை அமுக்குகின்றன, அதற்காகத்தான் அக்சசிபிலிட்டி அனுமதி கேட்கின்றன. உங்கள் போனில் பின் நம்பரோ கைரேகையோ இருந்தால் அந்தப் பூட்டைத் தாண்டிப் போக எந்தச் செயலியையும் ஆண்ட்ராய்டு விடாது. அதனால் மூன்றரைக்கு அது எழுந்து, பூட்டைப் பார்த்து, அப்படியே காத்திருந்தது. 6:10க்கு நீங்கள் பூட்டைத் திறந்தீர்கள், அது அனுப்பியது. நீங்கள் எழுந்து திறந்த நேரத்தில் போயிருப்பது அதற்குப் பொருந்துகிறது. பேட்டரி சேமிப்பு செயலியைத் தூங்க வைத்திருந்தாலும் போனைத் திறந்ததும் இப்படிப் போகலாம், ஆனால் பூட்டு இருக்கும்வரை மூன்றரைக்குப் போக வழியே இல்லை.

வில்லியனூர் காலேஜ் பையன்
இதற்கு வழி இருக்கிறது அண்ணா. எக்ஸ்டெண்ட் அன்லாக் என்று செட்டிங்கில் இருக்கும், அதில் வீட்டை நம்பகமான இடம் என்று வைத்துவிட்டால் வீட்டில் இருக்கும்வரை போன் பூட்டாது. அத்தை அதைப் போட்டுக்கொண்டால் முடிந்தது.

செல்போன் பழுது, நெல்லித்தோப்பு
பாதி சரி தம்பி. நாலு மணி நேரம் போனைத் தொடாமல் இருந்தால் அதுவும் பூட்டிக்கொள்ளும். அத்தை பத்து மணிக்குப் படுத்தால் இரண்டு மணியோடு அந்த வசதி முடிந்துவிடும். பகலில் சோதித்துப் பார்த்தால் நன்றாக வேலை செய்யும், ராத்திரி காலை வாரும்.

லாஸ்பேட்டை 605008
அத்தை, நீங்கள் 3:30 என்று வைத்ததே தவறு, பிரான்சுக்கும் நமக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். ஜனவரி ஒன்றுக்கு என் அக்காவுக்கு நான் எப்போதும் 4:30க்குத்தான் அனுப்புவேன்.

முத்தியால்பேட்டை அத்தை
இல்லையம்மா, 2023லும் 2024லும் அலாரம் வைத்து மூன்றரைக்கு எழுந்து நானே கையால் அனுப்பினேன், அங்கே சரியாகப் பன்னிரண்டு என்று அவளே சொன்னாள்.

செல்போன் பழுது, நெல்லித்தோப்பு
இரண்டு பேர் சொல்வதும் சரி. பிரான்சில் அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறு விடியற்காலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கு முன்னால் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம், அதற்குப் பின்னால் நாலரை. 2023இல் கடைசி ஞாயிறு 29ஆம் தேதி. 2024இல் அது 27ஆம் தேதியே வந்தது, ஆனால் கடிகாரம் மாறியது அங்கே நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு, அதனால் பன்னிரண்டுக்கு இன்னும் பழைய கணக்குதான். 2025இல் கடைசி ஞாயிறு 26ஆம் தேதி. அதாவது 27 பிறக்கும்போது அங்கே குளிர்காலக் கணக்கு வந்துவிட்டது, நம் ஊரில் 4:30 ஆகியிருக்க வேண்டும். போன வருடம் பூட்டு இல்லாமல் இருந்திருந்தாலும் உங்கள் வாழ்த்து அங்கே 26ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குப் போயிருக்கும் அக்கா. இந்த வருடம் 2026இல் கடைசி ஞாயிறு 25, அதனால் 4:30 என்றே வையுங்கள்.

முத்தியால்பேட்டை அத்தை
அட, இதை நான் யோசிக்கவே இல்லை. நல்லவேளை கேட்டேன்.

உப்பளம் பழைய போன்
நான் எதிர்க்கட்சி. இங்கே எல்லாரும் செயலியைக் குறை சொல்கிறீர்கள், நான் எட்டு மாதமாக ஒன்றைப் பயன்படுத்துகிறேன், ரியூனியனில் இருக்கும் மாமாவுக்கும் பாரிசில் இருக்கும் இரண்டு சித்தப்பாக்களுக்கும் நேரத்துக்குப் போகிறது. ஒரே வேலைதான் செய்தேன். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்து, சிம் இல்லாமல், என் வாட்ஸ்அப்பை லிங்க்டு டிவைசாக அதில் இணைத்து, திரைப் பூட்டை எடுத்துவிட்டேன். சார்ஜரில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். பேட்டரி கட்டுப்பாட்டை அந்தச் செயலிக்கு மட்டும் நீக்கினேன், செட்டிங்கில் Autostart என்று இருந்ததையும் போட்டுவிட்டேன். அந்த இரண்டும் இல்லாமல் முதல் வாரம் இரண்டு மெசேஜ் போகவில்லை, போட்ட பிறகு தவறவே இல்லை.

செல்போன் பழுது, நெல்லித்தோப்பு
நீங்கள் செய்தது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பூட்டே இல்லாத ஒரு போனில் உங்கள் குடும்பத்துப் பேச்சு முழுவதும் திறந்து கிடக்கிறது. அதோடு அக்சசிபிலிட்டி அனுமதி வாங்கிய செயலி திரையில் வருவதையெல்லாம் படிக்க முடியும். சிம் இல்லை, வங்கிச் செயலி இல்லை என்பதால் உங்களுக்கு ஆபத்து குறைவு. அத்தை தினமும் பணம் அனுப்பும் அதே போனில் இதைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உப்பளம் பழைய போன்
என் வீட்டு அலமாரியை யார் சார் திறக்கப் போகிறார்கள்? பயந்துகொண்டே இருந்தால் எதையும் செய்ய முடியாது.

மஞ்சக்குப்பம் ஜவுளிக்கடை
நடுவில் என் கேள்வி ஒன்று. பொங்கலுக்கு 400 வாடிக்கையாளர்களுக்கு வாழ்த்து அனுப்ப வேண்டும். போன பொங்கலுக்குப் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டேன், பாதிப் பேர் வரவில்லை என்றார்கள். இந்த ஷெட்யூலரை வைத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடலாமா?

செல்போன் பழுது, நெல்லித்தோப்பு
வேண்டாம் அண்ணா. ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து விவரத்தைப் பாருங்கள், சேர்ந்தவர்கள் பட்டியலில் இல்லாத பெயர்கள் பெரும்பாலும் உங்களைச் சேமிக்காதவர்கள்தான். அதற்காக ஒரு செயலியை வைத்து 400 பேருக்கு மளமளவென்று அனுப்பினால், அது வாட்ஸ்அப் விதிக்கே விரோதம், எண்ணை முடக்கிவிடுவார்கள். பில் போடும்போது "எங்கள் நம்பரை சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்பதுதான் வழி.

வில்லியனூர் காலேஜ் பையன்
முடக்குவார்கள் என்பது உண்மை அண்ணா, எனக்கே நடந்தது. ஷெட்யூல் வசதி உள்ளேயே இருக்கிறது என்று ஒரு மாற்றுப் பதிப்பு வாட்ஸ்அப்பை நெட்டில் இருந்து இறக்கினேன். முதல் தடவை தற்காலிகமாக நிறுத்தினார்கள், அப்போதே அதை எடுத்துவிட்டு அசல் வாட்ஸ்அப்புக்குத் திரும்பினேன். அன்று செமஸ்டர் குரூப்பில் என்ன நடந்தது என்றே தெரியாமல் தவித்தேன்.

லாஸ்பேட்டை 605008
ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லையே? ஷார்ட்கட்ஸில் ஆட்டோமேஷன் போட்டால் போதும் என்று என் தங்கை சொல்கிறாள்.

உப்பளம் பழைய போன்
என் மனைவி போனில் செய்து பார்த்தேன் அக்கா. நேரம் குறிக்கும் இடத்தில் தினம், வாரம், மாதம் என்று மூன்றுதான் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை என்பது இல்லை. மாதம் 27 என்று வைத்து, உள்ளே அக்டோபர் என்றால் மட்டும் அனுப்பு என்று ஒரு நிபந்தனை போட வேண்டும். அப்படியும் ஒரு தடவை போன் பூட்டியிருந்தபோது திறக்கச் சொல்லிக் காத்திருந்தது.

செல்போன் பழுது, நெல்லித்தோப்பு
அத்தைக்கு நான் சொல்லும் வழி இது, தானாகப் போகாது, ஆனால் தவறாது. கூகுள் காலண்டரில் அக்டோபர் 27, நள்ளிரவு 12:00 என்று ஒரு நிகழ்ச்சி போடுங்கள், அதன் நேர மண்டலத்தை மட்டும் பாரிஸ் என்று மாற்றுங்கள், வருடாவருடம் திரும்ப வரும்படி வையுங்கள். மூன்றரையா நாலரையா என்ற கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். நினைவூட்டல் சத்தம் சின்னதாக இருக்கும் என்பதால் அன்றைக்கு அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியின் குறிப்பில் இந்த இணைப்பைப் போடுங்கள்:

```
https://wa.me/33XXXXXXXXX
```

33க்குப் பின்னால் அவள் எண். அங்கே செல்போன் எண்ணை 06 அல்லது 07 என்று தொடங்கிச் சொல்வார்கள், அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும், 336 அல்லது 337 என்று வர வேண்டும். பூஜ்யத்தோடு போட்டால் இந்த எண் வாட்ஸ்அப்பில் இல்லை என்று காட்டும். வாழ்த்தை இணைப்புக்கு உள்ளேயே சேர்க்கவும் முடியும், ஆனால் தமிழ் எழுத்து வரும் இடத்தில் சில போன்களில் நீல இணைப்பு அறுந்துவிடுகிறது, அதனால் அதற்கு அடுத்த வரியில் வாழ்த்தைத் தனியாக எழுதி வையுங்கள். முதலில் வாழ்த்தை காப்பி செய்யுங்கள், இணைப்பைத் தொட்டால் நேராக அவள் சாட் திறக்கும், பேஸ்ட் செய்து அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

உப்பளம் பழைய போன்
எழுந்திருக்க வேண்டும் என்றால் அப்புறம் எதற்கு ஷெட்யூல்? கேள்வியே தூங்கிக்கொண்டே அனுப்புவது பற்றித்தானே.

முத்தியால்பேட்டை அத்தை
கேள்வி அதுதான் தம்பி. ஆனால் என் போனில் பூட்டை எடுக்க எனக்கும் மனமில்லை, பேரன் எடுத்து விளையாடுவான். வீட்டில் பழைய போன் ஒன்று இருக்கிறது, இன்று நீங்கள் சொன்னபடி அதை இணைத்துப் பார்க்கிறேன்.

செல்போன் பழுது, நெல்லித்தோப்பு
அப்படியென்றால் சோதனையை மட்டும் பகலில் செய்யாதீர்கள் அக்கா. உங்கள் எண்ணுக்கே நீங்கள் அனுப்பிக்கொள்ளும்படி 4:30க்கு வைத்துவிட்டு வழக்கம்போலத் தூங்குங்கள். காலையில் அந்த மெசேஜில் என்ன நேரம் இருக்கிறது என்று பாருங்கள்.

முத்தியால்பேட்டை அத்தை
மூன்று நாள் பார்த்தேன். முதல் இரண்டு இரவும் 4:30க்கே வந்திருந்தது. மூன்றாவது இரவு மின்சாரம் போய் வைஃபை நின்றிருக்கிறது, போனில் சார்ஜ் இருந்தும் மெசேஜ் பக்கத்தில் கடிகாரக் குறி மட்டும் நின்றது, நான் எழுந்து ரூட்டரைப் பார்த்த பிறகுதான் டிக் விழுந்தது.

உப்பளம் பழைய போன்
ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள் அத்தை, நான் போட்டிருக்கிறேன்.

செல்போன் பழுது, நெல்லித்தோப்பு
அக்டோபர் கடைசி என்றால் நம் ஊரில் மழைக்காலம். நான் அலாரத்தோடுதான் நிற்கிறேன்.