இதழ் : பூ — விடை ஒன்றா, இரண்டா?

வணக்கம். எட்டாம் வகுப்பு என்எம்எம்எஸ் பயிற்சித்தாளுக்கான ஒப்புமைக் கேள்வி ஒன்றைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

இதழ் : பூ :: ?
(அ) மரம் : காடு
(ஆ) ஆரக்கால் : சக்கரம்
(இ) பூ : ரோஜா
(ஈ) உளி : தச்சர்

விடைகளைப் பார்க்குமுன் உறவை ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் பயிற்சி. "இதழ் பூவின் பகுதி" என்றதும் (ஈ) விழுந்துவிடும். அது கருவியும் அதைக் கையாள்பவரும். (இ) இனமும் வகையும்.

சிக்கல் (அ)-வில். "மரம் காட்டின் பகுதி" என்றாலும் காதுக்குச் சரியாகவே படுகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் விழுவது இங்கேதான், ஏனென்றால் வாக்கியம் தளர்வாக இருக்கிறது. "இதழ் பூவின் உறுப்பு, தனியே எடுத்தால் முழுப்பொருள் ஆகாது" என்று இறுக்கினால் (அ) கழன்றுவிடும்: காடு இல்லாவிட்டாலும் மரம் முழு மரமே. அது உறுப்பு அல்ல, கூட்டத்தில் ஒன்று. ஆக விடை (ஆ).

இரண்டு உதவி வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லும் வாக்கியம் உண்டா? பக்கம் : புத்தகம் எந்தப் பக்கம் சேரும்? எனக்கு உறுப்பு என்றே படுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.