மூடுபனியில் லாரிக்குப் பின்னாலேயே பைக் ஓட்டலாமா?

சேலம் ரைடர்: பொங்கல் முடிந்து விடியற்காலையில் பைக்கில் பெங்களூரு கிளம்புகிறேன். கிருஷ்ணகிரி தாண்டினால் ஓசூர் வரை மூடுபனி என்கிறார்கள். லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகலாமா? ஹை பீமா, லோ பீமா?

ஹைவே குமார்: தாராளமாகப் போகலாம். லோடு லாரி பிரேக் பிடித்து நிற்க பைக்கைவிட அதிக தூரம் எடுக்கும், அதற்குள் நாம் நின்றுவிடலாம். லோ பீம் போடுங்கள். ஹை பீம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

பழைய டிரைவர்: லோ பீம் சரி. மற்றது ஆபத்து தம்பி. லாரி பிரேக் பிடித்து நின்றால்தான் அந்தக் கணக்கு. அது முன்னால் நிற்கும் இன்னொரு லாரியில் மோதினால், மோதிய இடத்திலேயே நின்றுவிடும். உங்களுக்கு மிஞ்சுவது நடுவில் விட்ட இடைவெளி மட்டும்தான்.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர் போகிறீர்கள். பார்த்து, புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். அதிலேயே 25 மீட்டர் போச்சு. ஈர ரோட்டில் நிற்க இன்னொரு 28 மீட்டராவது வேண்டும். கண்ணுக்குத் தெரிவதோ 30 மீட்டர். அதே ரோட்டில் 30-ல் போனால் மொத்தமே 20 மீட்டரில் நின்றுவிடலாம்.

கோத்தகிரி அக்கா: எங்கள் ஊரில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்போம். ஹெட்லைட்டில் மஞ்சள் தாள் ஒட்டினால் நன்றாகத் தெரியும்.

பழைய டிரைவர்: மலைப்பாதைக்கு ஹாரன் சரிதான் அக்கா. நடுவில் தடுப்பு உள்ள நெடுஞ்சாலையில் எதிரே வண்டி வருவது குறைவு, ஆபத்து பெரும்பாலும் முன்னாலும் பின்னாலும்தான். மஞ்சள் தாள் வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ஹைவே குமார்: 30-ல் போனால் பின்னால் 80-ல் வருகிற பஸ் அடித்துத் தூக்கிவிடாதா? அதனால்தான் நான் ஹசார்ட் லைட் போட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.

பழைய டிரைவர்: அந்தப் பயம் நியாயம்தான், அதற்கு முழுத் தீர்வு என்னிடமும் இல்லை. ஆனால் லாரியை ஒட்டிப் போனாலும் பின்னால் வருபவர் கண்ணில் படுவது லாரியின் பெரிய விளக்குதான், உங்கள் சின்ன விளக்கு அதில் கரைந்துவிடும். ஹசார்ட் போட்டால் நிற்கிற வண்டி என்று நினைத்துச் சட்டென்று ஒதுங்குவார்கள். நீங்கள் திரும்பும்போது இண்டிகேட்டரும் தெரியாது.

டெயில் லைட்டைத் துடைத்துவிட்டு, ஒளிரும் ஜாக்கெட் போட்டு, இடது லேனில் போங்கள். எதிரே ஒரு கம்பம் தெரிந்ததும் எண்ணுங்கள். மூன்று நொடிக்குள் அதைத் தாண்டினால் வேகம் அதிகம்.

ஹைவே குமார்: இடது ஓரத்தில்தானே லைட் இல்லாமல் லாரியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?

பழைய டிரைவர்: ஆமாம். அதனால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போகக் கூடாது, நிற்கவும் கூடாது. 30-க்கும் கீழே இறங்க வேண்டி வந்தால் அடுத்த பெட்ரோல் பங்குக்குள் போய்விடுங்கள்.

சேலம் ரைடர்: அப்போ வெயில் வந்தபிறகே கிருஷ்ணகிரி தாண்டுகிறேன். ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிவதற்கு என்ன செய்வது?

கோத்தகிரி அக்கா: ஒரு விரல் அளவு திறந்து வையுங்க தம்பி. வெளிப்பக்கத் துளிகளை மட்டும் கையுறையால் துடைத்துக்கொண்டே இருக்கணும்.