கலைச்சொல் தேவை: வாக்கிங் சிமுலேட்டர்

இளவேனில்:

எல்லோருக்கும் வணக்கம். கணினி விளையாட்டே ஆடிப் பழகாதவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரையும் சுட வேண்டாம், போட்டி வேண்டாம், அழகான இடங்களைச் சுற்றிப் பார்த்தால் போதும் என்பவர்கள்தான் என் வாசகர்கள். இதைத் தொடங்கியதற்குக் காரணம் என் அக்கா. "சாகாமல் சுத்திப் பார்க்க ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். 'தேடிக் காணும் ஆட்டம்' என்று அறிமுகத்தில் படித்துவிட்டு, அவுட்டர் வைல்ட்ஸை வாங்கிக் கொடுத்தேன். அருமையான படைப்புதான். ஆனால் அதில் 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும், பிறகு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அக்கா ஒரு கோளில் இறங்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்து, அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.

ஆங்கிலத்தில் இவளுக்கு ஏற்றவற்றைப் பெரும்பாலும் வாக்கிங் சிமுலேட்டர் என்ற பெயரில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம்?

அறிவன்:

சிமுலேட்டருக்குப் பாவிப்பி, உருவகி என்று இரண்டு சொற்கள் முன்பே புழக்கத்தில் உள்ளன. விமானப் பாவிப்பி என்கிறோம். அதே வழியில் 'நடைப் பாவிப்பி' போதுமே. விமானம் ஓட்டுவதைப் போலச் செய்வது அது, நடப்பதைப் போலச் செய்வது இது. புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

கயல்:

அறிவன் ஐயா, சொல்லமைப்பு சரி. ஆனால் பொருள் இடறுகிறது. விளையாட்டுகளுக்கான இடங்களை வடிவமைப்பது என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இந்த விளையாட்டுகள் நடையைப் பாவிப்பதே இல்லை. 2012இல் தனி விளையாட்டாக வெளியான டியர் எஸ்தரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்பு ஹாஃப் லைஃப் 2 என்ற சுடும் ஆட்டத்தின் மேல் கட்டிய ஒட்டாக, அதாவது அதை மாற்றியமைத்த வடிவமாக, அது பிறந்தது. துப்பாக்கி, எதிரி, குதிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு தீவு, ஒரு குரல், முன்னே போகும் விசை. கால் இடறாது, மூச்சு வாங்காது. நடை அங்கே கண்ணைச் சுமந்து போகும் வண்டி, அவ்வளவுதான்.

நடையை உண்மையாகவே பாவிப்பது 2019இல் வந்த டெத் ஸ்ட்ராண்டிங். முதுகில் சுமை ஏறினால் உடல் ஒரு பக்கம் சாயும், விசையை அழுத்திச் சமநிலையைப் பிடிக்க வேண்டும். கல்லில் இடறினால் விழுவோம், சரக்கு சேதமாகும். மலைகள் கொள்ளை அழகு. ஆனால் 'நடைப் பாவிப்பி' என்ற பெயரைப் பார்த்து இளவேனிலின் அக்கா முதலில் எடுப்பது அதுவாகத்தான் இருக்கும். மறுபடியும் அதே கதை.

இன்னொன்று. ஆங்கிலப் பெயர் நல்ல எண்ணத்தில் பிறந்ததல்ல. "இதில் நடப்பதைத் தவிர ஒன்றுமில்லை" என்று இளக்காரமாகச் சொன்னது, பிறகு பிடிக்கிறவர்களே எடுத்துக்கொண்டார்கள். அந்த இளக்காரத்தை நாம் மொழிபெயர்க்க வேண்டுமா?

சிவரூபன்:

எங்கட பக்கத்திலை 'பாவனை' எண்டால் பயன்பாடு, 'பாவிக்கிறது' எண்டால் பயன்படுத்துறது. 'நடைப் பாவிப்பி' எண்டு பார்த்தால் நடையைப் பயன்படுத்துற ஏதோ ஒரு கருவி எண்டுதான் விளங்கும். அதாலையும் அது வேண்டாம். 'உலாவி' எண்டு வைக்கலாம் எண்டு நினைச்சன், ஆனால் அது ஏற்கனவே இணையத்தைப் பார்க்கிற மென்பொருளுக்குப் போயிட்டுது.

இளவேனில்:

உலாவி போனால் போகட்டும், 'உலா' இருக்கிறதே! உலா விளையாட்டு? அல்லது சேர்த்து உலாவாட்டம்?

அறிவன்:

உலாவாட்டம் வேண்டாம். படிக்கிறவர் கண்ணில் 'வாட்டம்' என்று பிரிந்து தெரியும், உலாப் போய் வாடியவர் போல.

உலாவிலும் எனக்கு ஒரு தடை உண்டு. உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வருகிறான், ஏழு பருவப் பெண்கள் அவனைப் பார்க்கிறார்கள். உலாப் போகிறவன் பார்க்கப்படுகிறவன். நீங்கள் சொல்லும் விளையாட்டில் போகிறவர்தான் பார்க்கிறவர். பொருள் தலைகீழாகிறது. அதைவிட 'வழிநடை' பொருந்தும். வழிநடைச் சிந்து என்றொரு பாட்டு வகை உண்டு. வழியில் தென்படும் ஊர், சோலை, குளம் எல்லாவற்றையும் உடன் வருபவருக்குச் சொல்லிக்கொண்டே போகும். கயல் சொன்ன தீவும் குரலும் அதுதானே.

கயல்:

ஐயா, வழிநடை மிக அழகு. டியர் எஸ்தருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஆனால் 2016இல் வந்த அப்ஸூவை என்ன செய்வது? அதில் நடை மிகக் குறைவு, ஏறக்குறைய முழுக்கக் கடலுக்குள் நீச்சல். மூச்சுக்காற்று அளவும் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கீழே இருக்கலாம். ஆங்காங்கே சுறா வடிவில் கற்சிலைகள் இருக்கும். அதன் மேல் போய் உட்கார்ந்தால் நாம் நகர மாட்டோம், பார்வை மட்டும் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே போகும். விசையைத் தட்டினால் அடுத்த மீன். பெரியது சிறியதை விழுங்குவதையும் அங்கிருந்தே பார்க்கலாம். அழகான இடத்தைப் பார்க்க மட்டும் வந்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 'நடை' என்று பெயர் வைத்தால் இது வெளியே நின்றுவிடும்.

உலாவில் அந்தச் சிக்கல் இல்லை. தலைவன் யானை மேலும் வருவான், குதிரையிலும் தேரிலும் வருவான். காலால் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் உலாவுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. பார்க்கிறவர் யார் என்ற கேள்விக்குப் பேச்சு வழக்கே பதில். "உலா போயிட்டு வந்தேன்" என்றால் நாலு இடம் பார்த்து வந்தேன் என்றுதான் இன்று பொருள். அதையே சுற்றுலாவும் சொல்கிறது.

மல்லிகா:

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். எனக்குப் பெயரைவிட வேறொரு கவலை. இந்த மாதிரி விளையாட்டைப் பத்து நிமிடம் ஆடினால் தலை சுற்றிக் குமட்டல் வந்துவிடுகிறது. தோல்வியில்லை என்று எழுதியிருக்கிறார்கள், நான் ஒவ்வொரு முறையும் தோற்றுத்தான் எழுந்திருக்கிறேன். இதையும் பெயரிலேயே சொல்ல முடியுமா?

கயல்:

மல்லிகா அக்கா, பெயரில் முடியாது, ஆனால் கையேட்டில் கட்டாயம் வர வேண்டும். நடக்கும்போது காட்சி மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். அதைத் 'தலையாட்டம்' என்றே எழுதலாம். பல விளையாட்டுகளின் அமைப்புப் பக்கத்தில் அதை அணைக்க முடியும். அடுத்தது பார்வை அகலம். குழாய் வழியாகப் பார்ப்பது போல் குறுகலாக இருந்தால் பலருக்குக் குமட்டும், கொஞ்சம் அகட்டினால் குறையும்.

இரண்டும் உதவவில்லையென்றால், நம் கண்ணாலேயே பார்க்கும் விளையாட்டுகளை விட்டுவிட்டு, உருவத்தை எட்ட நின்று பார்ப்பவற்றை எடுங்கள். இலக்கணத்திலிருந்தே சொல் எடுத்து முன்னதைத் தன்மைப் பார்வை, பின்னதைப் படர்க்கைப் பார்வை என்று எங்கள் குழுவில் சொல்கிறோம். 2019இல் வந்த எ ஷார்ட் ஹைக் படர்க்கை. ஒரு சின்னப் பறவை மலை ஏறுகிறது. பொன்னிறகுகள் எத்தனை சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் ஏறலாம். தெம்பு தீர்ந்தால் சறுக்கி இறங்குவோம், அடி படாது. படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால் அமைப்பில் அந்தக் கட்டத்தின் அளவைச் சிறிதாக்கலாம்.

இளவேனில்:

தன்மை, படர்க்கை இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இப்போது 'தோல்வியில்லா' என்ற அடைமொழி. "தோல்வியில்லா உலா விளையாட்டு" என்று எழுதலாமா? மலையேறும்போது சறுக்குவதும் ஒரு தோல்விதானே என்று யாராவது கேட்பார்கள்.

கயல்:

கேட்க வேண்டிய கேள்வி. புதிதாக ஒரு விளையாட்டு கைக்கு வந்தால் நான் மூன்று காரியம் செய்து பார்ப்பேன். உயரமான இடத்திலிருந்து குதிப்பேன். ஆழமான தண்ணீரில் இறங்குவேன். பிறகு கையை எடுத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா விடுவேன். திரும்பி வந்து, என்னிடமிருந்து எது பறிபோயிற்று என்று பார்ப்பேன்.

டியர் எஸ்தரில் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தால் திரை இருளும், திரும்பி வா என்று ஒரு குரல் கேட்கும், மறுபடி கரையில் நிற்போம். செத்தோமா என்றால் ஒரு வகையில் ஆமாம். இழந்தது என்ன? ஒன்றுமில்லை. எ ஷார்ட் ஹைக்கில் உச்சியிலிருந்து குதித்தால் காற்றில் மிதந்து இறங்கலாம், போனது ஏறிய உயரம் மட்டும். அவுட்டர் வைல்ட்ஸ் சும்மா விட்டதிலேயே விழுந்துவிடும், 22 நிமிடம் தாண்டாது. கடலுக்குள் உயிர் பிழைக்கும் ஆட்டமான சப்னாட்டிகாவைச் சாதாரண முறையில் சும்மா விட்டால் பசியும் தாகமும் கொன்றுவிடும். அதே சப்னாட்டிகாவில் கிரியேட்டிவ் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் பசியும் இல்லை, மூச்சும் தீராது, அதே கடல்.

அதனால் 'இழப்பில்லா' என்பது 'தோல்வியில்லா'வைவிடத் துல்லியம் என்று நினைக்கிறேன். விழலாம், வழி தவறலாம், பறிபோவது எதுவும் இருக்காது.

சிவரூபன்:

'இழப்பில்லா' எனக்குச் சம்மதம். ஆனால் ஒண்டு கேக்கிறன். சோமா எண்ட திகில் விளையாட்டிலையும் 2017இல் பாதுகாப்பு முறை எண்டு ஒண்டு சேர்த்தவை. பேயுருக்கள் வரும், ஆனால் கொல்லாது. கயலின்ர மூன்று சோதனையிலும் அது தேறிவிடும். அதை இளவேனிலின்ர அக்காவுக்குக் குடுப்பியளோ?

கயல்:

கொடுக்க மாட்டேன். நல்ல கேள்வி. இழப்பில்லாமை வேறு, அச்சமில்லாமை வேறு. கான் ஹோமில் இழப்பும் இல்லை, பேயும் இல்லை, ஆனால் இடி மின்னலோடு ஓர் ஆளில்லாத வீடு. அக்காவுக்கு அதுவே போதும், அணைத்துவிடுவார். ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்க எனக்குத் தெரியவில்லை.

இளவேனில்:

சரி, இப்போதைக்கு இப்படி எழுதுகிறேன். இந்த வகை முழுவதற்கும் 'உலா விளையாட்டு'. மற்ற விளையாட்டுக்குள் போர், பசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சுற்ற விடும் வழிக்கு 'உலா முறை'. சப்னாட்டிகாவின் அந்த முறையும், 2018இல் அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸில் சண்டையை நீக்கிப் பண்டைய எகிப்தைச் சுற்றிக்காட்டச் சேர்த்த டிஸ்கவரி டூரும் அதில் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இழப்பு உண்டா, அச்சம் உண்டா, தன்மையா படர்க்கையா என்று தனித்தனியே குறிப்பேன்.

அக்காவிடம் ப்ரோட்டியஸைக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் ஒரு தீவு, போகிற இடத்துக்கு ஏற்ப இசை மாறும். இரவில் வெண்ணிற ஒளிகள் வட்டமாகச் சுழலும். அதற்குள் போய் நின்றால் அடுத்த பருவம் வரும். அவள் இரண்டு மணி நேரமாக இளவேனில் பருவத்திலேயே இருக்கிறாள், வட்டத்துக்குள் போகவே இல்லை. எனக்கே கை பரபரத்தது, சொல்லவில்லை.

அறிவன்:

உலா விளையாட்டுக்கு நான் இனித் தடை சொல்லவில்லை. ஆனால் டிஸ்கவரி டூரை உலா முறையில் போடாதீர்கள். வழி போட்டு, நிறுத்தி நிறுத்தி, இது இன்னது என்று விளக்கிக்கொண்டே ஒருவர் அழைத்துப் போகிறார் என்றால் அது ஆற்றுப்படுத்தல். உலா என்பது கால் போன போக்கு. குரல் கூடவே வரும் டியர் எஸ்தர் போன்றவற்றுக்கு 'வழிநடை' என்று ஓர் உட்பிரிவும் வையுங்கள், அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கயல்:

டிஸ்கவரி டூரில் அந்த விளக்கவழியை விட்டு இறங்கி, தோன்றிய பக்கம் சுற்றவும் விடுகிறார்கள் ஐயா. அப்போது அது எந்தப் பெயரில் வரும்?